ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் அத்தைக்கு நிற்காத பேதி: எங்கள் வீட்டில் நடந்தது

வாணி, குரோம்பேட்டை

என் மாமியாருக்கு வயது 71. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்து, பதினோரு நாள் அங்கேயே இருந்தார். முதலில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். அப்புறம் சிறுநீர்க் குழாயால் தொற்று வந்து பைப்பராசில்லின்-டாசோபாக்டம். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து நாளுக்கு செஃபிக்ஸிம் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் அசிடிட்டிக்கு பேன்டோப்ரசோல் வேறு.

மாத்திரை முடிந்த நான்காம் நாள், சனிக்கிழமை, பேதி ஆரம்பித்தது. அன்று ஆறு முறை, மறுநாள் பதினொரு முறை. வெறும் தண்ணீர்தான், ரத்தம் இல்லை, ஆனால் வீடு முழுக்க ஒரு மாதிரி அழுகல் வாடை. அடிவயிறு பிசைகிறது என்றார். சொந்தக்காரர் கொண்டுவந்த சாம்பார் சாதம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டோம். ஜவ்வரிசிக் கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் கொடுத்தோம். தெருமுனை மருந்துக் கடையில் சொன்னதும் பேதியை நிறுத்தும் லோபெரமைடும், நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தார்கள்.

திங்கள் மாலை பேதி இரண்டு முறையாகக் குறைந்தது. நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். அன்று ராத்திரி வயிறு பலூன் மாதிரி உப்பியது. 101 டிகிரி காய்ச்சல். கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பேதி நிற்கவே இல்லை, உள்ளேயே தேங்கியிருந்தது என்று மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் 23,000. கிரியேட்டினின் 1.8, டிஸ்சார்ஜ் ஆகும்போது 0.9தான் இருந்தது. உணவு விஷம் என்று சொல்லி மறுபடியும் செஃப்ட்ரியாக்சோனே போட்டார்கள். மலம் கல்ச்சருக்குப் போனது, கெட்ட கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் நாள் வந்த குடல் நிபுணர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கி ஒரே கேள்விதான் கேட்டார்: "போன மூணு மாசத்துல என்னென்ன ஆன்டிபயாடிக் போட்டாங்க?" நான் பட்டியல் சொல்லி முடிக்கும் முன்பே ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சி டிஃப் என்ற குடல் கிருமியின் விஷம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டைத் தனியாக அனுப்பினார். பாசிட்டிவ். ஸ்கேனில் பெருங்குடலின் சுவர் தடித்திருந்தது. நல்லவேளை, குடல் விரிந்துபோகவில்லை.

மருந்து வேங்கோமைசின். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேப்ஸ்யூல் கிடைக்கவில்லை. நர்ஸ் ஊசிக் குப்பியைத்தான் காட்டினார். 500 மில்லிகிராம் குப்பியில் 10 மில்லி தண்ணீர் கலந்து, 2.5 மில்லி வீதம் நாலு வேளை வாய் வழியாகக் குடிக்க வேண்டும், பத்து நாள். ஊசி மருந்தைக் குடிக்கச் சொல்கிறார்களே என்று என் கணவர் சண்டைக்கே போய்விட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கணேசன், பெரம்பூர்

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வயிறு போவது சகஜம்தானே மேடம். என் பையனுக்கு அமாக்சிசிலின் கொடுத்தபோது ரெண்டு நாள் லூஸ் மோஷன், மருந்தை நிறுத்தியதும் தானாகச் சரியாகிவிட்டது. நல்ல கிருமிகள் செத்துப்போவதுதான் காரணம். தயிர் சாதமும் ஒரு புரோபயாட்டிக் சாஷேயும் போதும். எல்லாருமே இதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்டெல்லா, ராயபுரம்

நான் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணேசன் தம்பி சொன்னதில் பாதி சரி. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியில் பெரும்பாலானவை அவர் பையனுக்கு வந்தது போலத்தான். மருந்தை நிறுத்தினால் நின்றுவிடும், காய்ச்சல் இருக்காது. ஆனால் நல்ல கிருமிகள் அழிந்த அந்தக் காலி இடத்தில்தான் சி டிஃப் குடியேறும். முழுப்பெயர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். வந்ததும் விஷத்தைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்கும். அதைத் தயிர் விரட்டாது.

வாணி, உங்கள் அத்தை விஷயத்தில் சந்தேகப்பட வேண்டிய எல்லாமே முதல் நாளே இருந்தது: 65 வயது தாண்டியவர், ஆஸ்பத்திரிப் படுக்கை, அடுத்தடுத்து மூன்று ஆன்டிபயாடிக். ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனாலே இப்படிப்பட்டவருக்கு அந்த டெஸ்ட்டைக் கேட்க வேண்டும். மருந்து முடிந்து பல வாரம் கழித்துக்கூட வரலாம். சாதாரண மல கல்ச்சரில் இந்தக் கிருமி தெரியாது. பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் லேபில் பார்ப்பார்கள். அதனால் "கல்ச்சர் நார்மல்" என்றதும் ஓய்ந்துவிடக் கூடாது.

சாம்பிள் பற்றியும் சொல்கிறேன். மலம் தண்ணீராக இருக்கும்போதுதான் அனுப்ப வேண்டும். வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்திலேயே அந்த விஷம் சிதைய ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் மதிய வெயிலில் பைக் பெட்டியில் போன சாம்பிள் நெகட்டிவ் என்று வந்தால் நான் அதை நம்ப மாட்டேன். ஐஸ் வைத்து அனுப்புங்கள்.

குடிக்கும் மருந்தைப் பற்றி உங்கள் கணவர் பயந்தது நியாயம்தான், ஆனால் நர்ஸ் சொன்னதே சரி. வேங்கோமைசினை நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போய்ச் சேராது. வாயில் கொடுத்தால் ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நேராகப் பெருங்குடலுக்கே போகும். கசக்கும், ஜூஸில் கலந்து கொடுக்கலாம்.

முருகேசன், வியாசர்பாடி

இது காலராதானே? எங்க தெருவில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்தப்போ நாலு வீட்டில் இப்படித்தான் போச்சு. கார்ப்பரேஷன்ல சொல்லி குளோரின் போடச் சொல்லுங்க. எனக்கும் ஆறு மாசமா டீ குடிச்சதும் ரெண்டு தடவை போகுது, இதே கிருமியா இருக்குமா?

ஸ்டெல்லா, ராயபுரம்

இல்லை முருகேசன் அண்ணே. காலரா தண்ணீரில் வரும், தெருவே படுக்கும். இதில் அத்தை ஒருவர்தான் படுத்தார், அதே தண்ணீர் குடித்த மற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். உங்கள் டீ விஷயம் வேறு, ஆன்டிபயாடிக் எதுவும் எடுக்காமல் ஆறு மாதமாக இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

நித்யா, வேளச்சேரி

எங்கள் அப்பாவுக்கு நிமோனியாவுக்குப் பிறகு இதே வந்தது. அப்போது மெட்ரோனிடசோல் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள், அதிலேயே சரியாகிவிட்டது. ஏன் வேங்கோமைசின்? விலை அதிகம் ஆயிற்றே. அப்புறம் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சானிட்டைசர் போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஸ்டெல்லா, ராயபுரம்

முன்பு மெட்ரோனிடசோல்தான் முதல் மருந்து நித்யா. லேசாக இருந்து, வேறு மருந்து கிடைக்காவிட்டால் இன்றும் கொடுக்கிறார்கள். வாணியின் அத்தைக்கு வெள்ளை அணு 15,000ஐயும் கிரியேட்டினின் 1.5ஐயும் தாண்டிவிட்டது. அது தீவிரம் என்ற கணக்கு. அங்கே மெட்ரோனிடசோலை மட்டும் நம்பக் கூடாது.

சானிட்டைசரை விட்டுவிடுங்கள். இந்தக் கிருமி விதை மாதிரி ஒரு கடினமான ஓட்டுக்குள் போய் மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது, பினாயிலும் அப்படித்தான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் கையை விட்டுப் போய்விடும். சாகாது, ஆனால் போய்விடும். கழிப்பறை, கம்மோடு நாற்காலி, கதவுப் பிடிக்கு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்று கலந்து, துடைத்த பின் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் பலரின் குடலில் இது நோய் இல்லாமலே இருக்கும், குழந்தையை நினைத்துப் பதற வேண்டாம்.

வாணி, குரோம்பேட்டை

அக்கா, அடுத்த கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஆரம்பித்த நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, வயிற்று உப்பல் வடிந்தது. எட்டாம் நாள் மலம் கெட்டியானது. பத்து நாள் முடித்து வீட்டுக்கு வந்தோம். சரியாகப் பன்னிரண்டாம் நாள் மறுபடியும் ஏழு முறை. என் கையெல்லாம் நடுங்கியது. நான் சரியாகக் கழுவவில்லையோ என்று இன்னும் தோன்றுகிறது.

ஸ்டெல்லா, ராயபுரம்

உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவருக்குத் திரும்ப வரும். குடலில் ஓட்டுக்குள் ஒளிந்திருந்ததே முளைத்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த முறை வேங்கோமைசினைச் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஃபிடாக்சோமைசினில் திரும்ப வருவது குறைவு, ஆனால் கிடைக்குமா, கட்டுப்படியாகுமா என்று உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். பேன்டோப்ரசோல் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். பேதி நின்ற பிறகு "போய்விட்டதா பார்ப்போம்" என்று டெஸ்ட் எடுக்காதீர்கள். குணமான பிறகும் பாசிட்டிவ் காட்டும், மறுபடி பயந்து மறுபடி மருந்து என்று போகும்.

கணேசன், பெரம்பூர்

அந்த லோபெரமைடு கொடுக்காமல் இருந்திருந்தால் வயிறு உப்பியிருக்காதா அக்கா? என் வீட்டு டப்பாவில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும், அதனால் கேட்கிறேன்.

ஸ்டெல்லா, ராயபுரம்

அதனால்தான் உப்பியது என்று அடித்துச் சொல்ல முடியாது தம்பி, நோய் முற்றினாலே குடல் ஓய்ந்துபோகும். ஆனால் விஷம் வெளியேறும் வழியை நாமே அடைப்பது ஆபத்து. அதைவிட எனக்கு வருத்தம் அந்த நார்ஃப்ளாக்சசின். ஆன்டிபயாடிக்கால் வந்த நோய்க்கு இன்னொரு ஆன்டிபயாடிக்.

வாணி, குரோம்பேட்டை

இரண்டாம் சுற்று மருந்தில் இன்று ஒன்பதாம் நாள். பேன்டோப்ரசோலை டாக்டர் நிறுத்திவிட்டார். இதற்கிடையில் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் ஈ.கோலை வளர்ந்திருக்கிறது என்று எலும்பு டாக்டர் ஐந்து நாளுக்கு மறுபடி செஃபிக்ஸிம் எழுதினார். அத்தைக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நேராகக் குடல் நிபுணரிடம் போனேன். தொந்தரவு எதுவும் இல்லாதபோது அதற்கு மருந்து வேண்டாம் என்று அடித்துவிட்டார், எலும்பு டாக்டரிடம் அவரே போனில் பேசினார். நேற்று இரண்டு முறை கூழாகப் போனார். இன்று காலை கெட்டியாக, ஒரே முறை. இட்லி கேட்டிருக்கிறார்.