ஈரத்துணி சுற்றிய பாட்டில்: திருச்சியில் சில்லென்று இருந்தது, சென்னையில் ஏன் இல்லை?

காவிரிக்கரை
வணக்கம். திருச்சியில் இருந்தவரை கோடையில் ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொட்டதே இல்லை. ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பழைய பருத்தித் துண்டை நனைத்துச் சுற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவேன். சாப்பிட வரும்போது தொண்டைக்கு இதமாகச் சில்லென்று இருக்கும். இப்போது வேலை மாறி திருவொற்றியூரில் அறை எடுத்திருக்கிறேன். அதே பாட்டில், அதே துண்டு. சாயங்காலம் வேலை விட்டு வந்து வைத்தால், தூங்கப் போகும்வரை துண்டு ஈரமாகவே இருக்கிறது, தண்ணீர் மட்டும் குளிர மாட்டேன் என்கிறது. திருச்சியை விட இங்கே சூடு குறைவுதான். அப்படியானால் இன்னும் சுலபமாகக் குளிர வேண்டாமா? துண்டை மாற்றணுமா, ஐஸ் தண்ணீரில் நனைக்கணுமா?

ஸ்பேனர் செல்வம்
தம்பி, ஈரத்துணி சூட்டை உறிஞ்சுகிறது, அதனால் பாட்டில் குளிர்கிறது. ஆனால் துணி முதலில் பாட்டிலை விடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் உறிஞ்சும். சென்னையில் மாடி டேங்க் தண்ணீரே வெந்நீர் மாதிரி வருகிறது, அதில் நனைத்தால் என்ன ஆகும்? ஐஸ் தண்ணீரில் நனையுங்கள். மேலே ஃபேன் போடுங்கள், ஃபேன் காற்று குளிர்ச்சி.

ஈரக்குமிழ்
செல்வம், சூடு பாட்டிலிலிருந்து துணிக்குப் போகிறது என்பது சரி. ஆனால் வெந்நீரில் நனைத்த துணியும் கொஞ்ச நேரத்தில் அறையை விடக் குளிர்ந்துவிடும். குளித்துவிட்டு வெந்நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தால் நடுங்குகிறதே, அதே கதைதான். குளிர்ச்சி துணியில் முன்கூட்டியே இருப்பதில்லை, அங்கேயே உண்டாகிறது.

துணியிலுள்ள தண்ணீர்த் துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தண்ணீர் 30 டிகிரி என்றால் அது சராசரியைத்தான் சொல்கிறது. சில துகள்கள் மந்தமாக அசையும், சில மிக வேகமாக ஓடும். பக்கத்துத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் தாவ, மேற்பரப்பில் இருக்கும் வேகமான துகளால்தான் முடியும். ஊரிலுள்ள இளவட்டமெல்லாம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் ஊரின் சராசரி வயது கூடிவிடும், இருக்கிறவர்கள் யாருக்கும் திடீரென்று வயதாகவில்லை என்றாலும். அதே போல வேகக்காரத் துகள்கள் போனதும் மிச்சத்தின் சராசரி ஆற்றல் இறங்குகிறது. அதைத்தான் நம் கை குளிர்ச்சி என்று உணர்கிறது.

காவிரிக்கரை, துண்டு காயவே இல்லை என்றீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. காயாத துணி குளிர்விக்காது. இரண்டு கேள்வி: பாட்டில் எங்கே வைக்கிறீர்கள்? ஒற்றைச் சுவர் பாட்டிலா, ஃப்ளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவரா?

அம்மு அம்மா
சார், குறுக்கே வருகிறேன். என் பெண் எட்டாம் வகுப்பு. தண்ணீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்று எழுதி வைத்திருக்கிறாள். அறைச் சூட்டில் இருக்கிற துண்டு எப்படிக் காயும் என்று கேட்டால் முழிக்கிறாள். உண்மையில் எனக்கும் தெரியவில்லை.

ஈரக்குமிழ்
100 டிகிரி என்பது கொதிக்கும் கணக்கு அம்மா. அங்கே தண்ணீரின் உள்ளேயே, பாத்திரத்தின் அடியிலேயே நீராவிக் குமிழி உண்டாகி மேலே வரும். காய்வது மேற்பரப்பில் மட்டும் நடப்பது, எந்தச் சூட்டிலும் நடக்கும். 30 டிகிரித் தண்ணீரிலும் தாவக்கூடிய வேகத்தில் சில துகள்கள் எப்போதும் உண்டு. சூடு ஏற ஏற அப்படிப்பட்டவை கூடும், அவ்வளவுதான்.

ஸ்பேனர் செல்வம்
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. வேகமானதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்திலேயே போய்விட்டால் மந்தமானவைதானே மிச்சம்? அதற்கப்புறம் துணி காயவே கூடாதே. ஆனால் முழுசாகக் காய்ந்துவிடுகிறது.

ஈரக்குமிழ்
நல்ல கேள்வி. துகள்கள் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஒன்று வேகம் இழக்க, இன்னொன்று வேகம் பெறும். அதனால் வேகக்காரர்கள் மறுபடி மறுபடி உண்டாகிறார்கள். அதற்கான ஆற்றல் முதலில் துணித் தண்ணீரிலிருந்தே போகிறது. அது குளிர்ந்ததும் பாட்டிலிலிருந்தும் சுற்றுக் காற்றிலிருந்தும் சூடு உள்ளே வரத் தொடங்கும். நீங்கள் முதலில் சொன்ன உறிஞ்சல் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

அளவு தெரிந்தால் பிடிபடும். ஒரு லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 26-க்கு இறக்க சுமார் 38 கிலோஜூல் வெளியே போக வேண்டும். துணியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் கொண்டுபோகும். ஆக 16 கிராம் போதும், அதாவது ஒரு மேசைக்கரண்டி. நடைமுறையில் காற்றிலிருந்தும் சூடு வந்துகொண்டே இருப்பதால் இதைவிட நிறையவே ஆவியாக வேண்டியிருக்கும்.

காவிரிக்கரை
ஒற்றைச் சுவர்தான் சார். இங்கே ஜன்னலைத் திறந்தால் கொசு, அதனால் மேசை மேல் வைக்கிறேன். மேசை நனையக் கூடாது என்று துண்டுக்கு மேலே பிளாஸ்டிக் கவர் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

ஈரக்குமிழ்
முதலில் கவரைக் கழற்றுங்கள். கவருக்குள் சிக்கிய காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும். துணியை விட்டுத் தாவுகிற துகள்கள் எத்தனையோ, காற்றிலிருந்து துணிக்குத் திரும்பி ஒட்டுகிறவையும் அத்தனை. திரும்புகிற ஒவ்வொன்றும் கொண்டுபோன ஆற்றலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கவருக்குப் பதில் கீழே ஒரு தட்டு வைத்தால் மேசை பிழைக்கும்.

ஆனால் கவரைக் கழற்றினாலும் திருச்சி அளவுக்கு வராது. உங்கள் அறையையே பெரிய கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காற்றில் ஏற்கெனவே தண்ணீர்த் துகள்கள் ஏராளம், திரும்பி ஒட்டுவதும் ஏராளம். திருச்சியில் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரத்துணி ஏறக்குறைய 23 டிகிரி வரை இறங்கலாம். சென்னையில் 34 டிகிரி, 75 சதவீதம் என்றால் 30-லேயே நின்றுவிடும். அதற்குக் கீழே துணியை மாற்றினாலும் சரி, ஃபேன் போட்டாலும் சரி, போகாது. ஐஸ் தண்ணீரில் நனைத்தால் கொஞ்ச நேரம் குளிரும், அப்புறம் அதே 30-க்கு ஏறி வந்து நிற்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். தெர்மாமீட்டர் முனையில் ஈரப் பஞ்சைச் சுற்றி, ஃபேனுக்கு எதிரே வையுங்கள். இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அன்றைக்கு உங்கள் பாட்டில் தொடக்கூடிய அடிமட்டம் அதுதான். வானிலை நிலையங்களில் வெள்ளைச் சட்டங்கள் போட்ட பெட்டிக்குள் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டர் இருப்பது இதற்குத்தான். என் புனைபெயரும் அங்கிருந்து வந்தது, பல வருடம் அந்தக் குமிழுக்குத் துணி மாற்றியிருக்கிறேன்.

மாடிவீடு மதி
அப்படியானால் நான் ஏர் கூலர் வாங்கலாமா? அடையாறில் வீடு. கடைக்காரர் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் போட்டால் ஏசி மாதிரி இருக்கும் என்கிறார்.

ஈரக்குமிழ்
கேள்வி பாட்டிலைப் பற்றியது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைச் சாத்தினால் கூலர் விடுகிற ஈரம் அறைக்குள்ளேயே சேரும். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். கூலருக்கு வெளிக் காற்று உள்ளே வரவும் வேண்டும், ஈரக் காற்று வெளியே போகவும் வேண்டும். அடையாறு மாலை நேரத்தில் அப்படி வைத்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அம்மு அம்மா
வியர்வையும் இதே கணக்கா சார்? சென்னையில் சட்டை தொப்பலாக நனைகிறது, ஆனால் சூடு குறைவதே இல்லை. மதுரையில் அம்மா வீட்டுக்குப் போனால் வியர்ப்பதே தெரிவதில்லை.

ஈரக்குமிழ்
மதுரையிலும் வியர்க்கிறது அம்மா. வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் தெரிவதில்லை. அந்த வியர்வை முழு வேலையும் செய்கிறது. சென்னையில் சொட்டிக் கீழே விழுகிற வியர்வை உடம்பிலிருந்து சூட்டை எடுத்துப் போகாமலே போய்விடுகிறது, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பே சுமார் 100 வாட் சூடு உண்டாக்கும். அது முழுக்க வியர்வை வழியாகவே போக வேண்டுமானால், மணிக்கு 150 மில்லி அளவு தோல் மேலேயே ஆவியாக வேண்டும்.

செல்வம், ஃபேன் காற்று குளிர்ச்சி என்றீர்களே. ஃபேன் காற்றின் சூட்டைக் குறைப்பதில்லை, தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கிவிடுகிறது. ஆவியான துகள் திரும்பி வர வழியில்லாமல் போகிறது. 40 டிகிரிக் காற்றை வறண்ட தோலில் அடித்தால் உடம்பு சூடுதான் ஆகும்.

ஸ்பேனர் செல்வம்
ஷெட்டில் வெல்டிங் அடிக்கும்போது ஃபேன் போட்டால் அனல் அடிப்பது அதனால்தானா! கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டால் அதே ஃபேன் சுகமாக இருக்கும்.

காவிரிக்கரை
கவரைக் கழற்றிவிட்டு, தட்டில் வைத்து, ஃபேனுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். இரவில் அறை 32, பஞ்சு சுற்றிய முனை 29, பாட்டில் தண்ணீர் 29-க்குச் சற்று மேலே. விடுமுறை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தேன். வெளியே அனல், அறையே 38. பஞ்சு முனை 26-க்கு வந்தது! தண்ணீரும் மெதுவாக 27-ஐத் தொட்டது. இரவை விட நல்ல வெயிலில் அதிகம் குளிர்கிறது. ஒரே ஊரில் இப்படியா?

ஈரக்குமிழ்
அன்றைக்குக் கடல் காற்று வரத் தாமதம் ஆகியிருக்கும். மே மாதத்தில் முற்பகலில் மேற்கிலிருந்து வறண்ட நிலக் காற்று வீசும், துணி சட்டென்று காயும். கடல் காற்று உள்ளே வந்ததும் அறைச் சூடு இறங்கும், ஈரம் ஏறும், உங்கள் பாட்டிலும் சோம்பேறி ஆகிவிடும். உங்களுக்கு நேரம் வாய்த்தால் காலையில் வைத்து, கடல் காற்று வருவதற்குள் குளிர்ந்ததை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடுங்கள்.

மாடிவீடு மதி
எல்லாம் சரி, எங்கள் வீட்டு மண்பானைக்கு இந்த 29 கணக்கெல்லாம் கிடையாது. மண்ணுக்கே குளிர்ச்சிக் குணம் உண்டு.

ஈரக்குமிழ்
பானைக்கும் அதே அடிமட்டம்தான் மதி. மண் சுவரின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் காய்கிறது, துணியின் வேலையைச் சுவரே செய்கிறது. வார்னிஷ் அடித்த பானையில் ஊற்றிப் பாருங்கள்.

அம்மு அம்மா
எங்கள் பானை போன வருடம் நன்றாகக் குளிர்ந்தது, இந்த வருடம் வெளிப்பக்கம் நனைவதே இல்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

ஸ்பேனர் செல்வம்
உப்பு அடைத்திருக்கும். வெளியே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். நார் போட்டுத் தேய்த்துக் காய வையுங்கள்.

அம்மு அம்மா
வெள்ளை இல்லை, உள்ளே வழவழவென்று இருக்கிறது. தேய்த்து ஒரு நாள் வெயிலில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.