கலைச்சொல்: பங்குக் குறியீட்டின் ‘சீசனாலிட்டி’ – கிழமைச் சாய்வு, மாதச் சாய்வு, தேறுசாய்வு

கவிதா:
வணக்கம். நிதியியல் சொற்பட்டியலில் ‘சீசனாலிட்டி’ இன்னும் காலியாக இருக்கிறது. புள்ளியியலில் ‘பருவத்தன்மை’ என்கிறோம். மழை, நெல் வரத்து, மின் நுகர்வுக்கு அது பொருந்தும். ‘நிஃப்டி திங்களன்று இறங்கும், டிசம்பரில் ஏறும்’ என்ற பேச்சுக்குப் பொருந்தவில்லை, திங்கள்கிழமை ஒரு பருவம் அல்ல. ‘நாட்காட்டி விளைவு’ என்றால் நாட்காட்டியே காரணம் என்று ஆகிவிடுகிறது. ‘கிழமைப் பாங்கு, மாதப் பாங்கு’ எப்படி?

ரஃபீக்:
‘பாங்கு’ வேண்டாம். ‘பாங்கு நிஃப்டி’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘வெள்ளிக்கிழமை பாங்கு’ என்றால் எங்கள் வீட்டில் வேறு பொருள்.

சிவநேசன்:
‘சாய்வு’ என்று வைக்கலாம். கிழமைச் சாய்வு, மாதச் சாய்வு, இரண்டுக்கும் பொதுவாக நாட்காட்டிச் சாய்வு. சராசரி ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஆனால் இன்னொரு சொல்லும் தேவை. தரவில் தெரியும் சாய்வு வேறு, வாங்கி விற்கும் செலவு போகக் கையில் தேறுவது வேறு. பின்னதைத் ‘தேறுசாய்வு’ என்கிறேன்.

பிரபு:
ஒரே சொல் போதுமே. செலவு எல்லா நாளுக்கும் ஒன்றுதான், சாய்வில் ஒரு எண்ணைக் கழித்தால் முடிந்தது. டி-மதிப்பு 2க்கு மேல் இருந்தால் சாய்வு உண்மை. நான் பார்த்த பட்டியலில் ஒரு மாதத்துக்கு 2.3 வந்தது.

சிவநேசன்:
கழிப்பது ஒரு எண்தான், ஆனால் அந்த எண் என்ன என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். 2025 மார்ச் விகிதப்படி பார்ப்போம். நிஃப்டி ஃபியூச்சர்ஸ் 23,000, ஒரு லாட் 75, ஆக மதிப்பு ரூ. 17,25,000. விற்பனையில் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. 0.02% என்றால் ரூ. 345. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.002%, ரூ. 34.50. பரிவர்த்தனைக் கட்டணம் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ரூ. 60, செபி கட்டணம் ரூ. 3.45. புரோக்கரேஜ் பக்கத்துக்கு 20 வீதம் ரூ. 40. கட்டணங்கள், புரோக்கரேஜ் மீது ஜி.எஸ்.டி. ரூ. 18.60. மொத்தம் ரூ. 501, அதாவது 6.7 புள்ளி. கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் பக்கத்துக்கு ஒரு புள்ளி வித்தியாசம் என்று வைத்தால் 8.7 புள்ளி, சுமார் 0.038%.

வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 1.9% செலவு. மாதச் சாய்வுக்காக ஆண்டுக்கு ஒரே முறை வாங்கி விற்பவருக்கு இதே செலவு ஒரு பொருட்டே இல்லை. எனவே கிழமைச் சாய்வைக் கொல்வது செலவு, மாதச் சாய்வைக் கொல்வது தரவின் சிறுமை. 25 ஆண்டுத் தரவில் மார்ச் மாதங்கள் 25தான். மாத வருவாயின் சிதறல் 6% என்றால் சராசரியின் பிழையே 1.2%.

அந்த 2.3க்கு வருகிறேன். 12 மாதமும் 5 கிழமையும் சேர்த்து 17 கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எதிலும் எதுவும் இல்லாவிட்டாலும், 5% எல்லையை ஒன்றாவது தற்செயலாகத் தாண்ட 58% வாய்ப்பு உண்டு. மிகப் பெரிய டி-மதிப்பை மட்டும் எடுத்துக் காட்டினால், சலித்தெடுத்ததும் கணக்கில் வர வேண்டும்.

ரஃபீக்:
நான் வாராந்திர ஆப்ஷன் விற்பவன். எனக்கு வியாழன்தான் சாய்வு, அதற்கும் இந்தச் சொல்தானா?

கவிதா:
உங்களுடையது எக்ஸ்பைரி நாளின் பிரீமியம் கரைவு, குறியீட்டின் கிழமை அல்ல. நிஃப்டியின் எக்ஸ்பைரி 2025 செப்டம்பர் 1 முதல் செவ்வாய்க்கு மாறிவிட்டது. கிழமைதான் காரணம் என்றால் வியாழனிலேயே நின்றிருக்க வேண்டும். ‘எக்ஸ்பைரிச் சாய்வு’ என்று தனியாக வைக்கலாம்.

பிரபு:
சரி, 17 கேள்விக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிழமைக்குத் தரவு ஏராளம். 20 ஆண்டில் 960 திங்கள் இருக்கும். அது போதாதா?

சிவநேசன்:
போதாது. நாள் வருவாயின் சிதறலை 1.3% என்று வையுங்கள். 960 திங்களின் சராசரியில் பிழை 0.042%. செலவை விட இதுவே பெரியது. 0.05% சாய்வை டி-மதிப்பு 2 அளவுக்கு உறுதிப்படுத்த 2,700 திங்கள் வேண்டும், அதாவது 56 ஆண்டு.

ஒரே ஒரு நாள் என்ன செய்யும் என்றும் பாருங்கள். 2009 மே 18, தேர்தல் முடிவுக்கு அடுத்த திங்கள், நிஃப்டி 17.7% ஏறியது. 960ஆல் வகுத்தால் 0.018%, செலவில் பாதியை அந்த நாள் ஒன்றே தந்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் 2004 மே 17 சுமார் 12% இறக்கம், 2020 மார்ச் 23 சுமார் 13% இறக்கம், இரண்டும் திங்கள். இந்த மூன்று நாளையும் சேர்த்தும் நீக்கியும் கணக்கிட்டு, விடையின் குறி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உங்களிடம் இருப்பது தேர்தல், கொரோனாக் கதைதான், கிழமை இல்லை.

சோதனையை நான் இப்படி ஓட்டுவேன், `r` என்பது நாள் வருவாய்த் தொடர். ஒவ்வொரு வாரத்துக்குள்ளேயே நாட்களைக் குலுக்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் ஐந்து கிழமைகளில் மிகப் பெரிய டி-மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். வாரத்துக்குள் குலுக்குவதால் 2008ன் கொந்தளிப்பு 2008லேயே நிற்கும்.

```python
import numpy as np

def tmax(r):
    s = r.groupby(r.index.dayofweek).agg(["mean", "std", "count"])
    t = (s["mean"] - r.mean()) / (s["std"] / s["count"]**0.5)
    return t.abs().max()

r = r[r.index.dayofweek < 5]
wk = r.index.to_period("W")
rng = np.random.default_rng(7)
sim = [tmax(r.groupby(wk).transform(rng.permutation))
       for _ in range(2000)]
p = np.mean(np.array(sim) >= tmax(r))
```

`< 5` என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முகூர்த்த வர்த்தகம் ஞாயிறன்று வரும், 2023 நவம்பர் 12 அப்படித்தான். சனிக்கிழமைச் சிறப்பு அமர்வுகளும் உண்டு. அவற்றை நீக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளே உள்ள ‘கிழமை’ ஒன்று முளைத்து, அதன் டி-மதிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் வருவாயைக் கணக்கிட்ட பிறகே நீக்குங்கள், முதலில் நீக்கினால் அந்த அமர்வின் ஏற்றம் அடுத்த திங்களில் ஏறிக்கொள்ளும்.

கவிதா:
தேறுசாய்வுக்கு `r` எது, குறியீடா ஃபியூச்சர்ஸா?

சிவநேசன்:
ஃபியூச்சர்ஸ். குறியீட்டை யாரும் நேரடியாக வாங்க முடியாது. ஃபியூச்சர்ஸ் விலையில் வட்டி ஏறியிருக்கும், நாளாக ஆக அது கரையும். வெள்ளி மாலை வாங்கித் திங்கள் மாலை விற்றால் மூன்று நாள் வட்டி, 6.5% வீதத்தில் 0.053% போய்விடும். அது வாங்கி விற்கும் செலவை விடப் பெரியது. குறியீட்டில் 0.09% ஏறினால்தான் முதல் காசு தேறும். எக்ஸ்பைரி அன்று பழைய ஒப்பந்தத்தையும் புதியதையும் ஒட்டும் இடத்தில் போலித் தாவல் வராமல், அந்தந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வருவாயைக் கணக்கிடுங்கள்.

பிரபு:
பழைய ஆண்டுகளுக்கும் இன்றைய எஸ்.டி.டி.யா? 2013 ஜூன் முதல் 0.01%தானே இருந்தது.

சிவநேசன்:
‘அன்று தேறியதா’ என்பதற்கு அன்றைய விகிதம், ‘இனித் தேறுமா’ என்பதற்கு இன்றைய விகிதம். 2023 ஏப்ரலில் 0.0125%, 2024 அக்டோபரில் 0.02% என்று ஏறியிருக்கிறது. எனவே எந்தத் தேதியின் விகிதம் என்று சொல்லாமல் தேறுசாய்வைக் குறிப்பிடக் கூடாது.

பிரபு:
அதை ஏற்கிறேன், ‘சாய்வு’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கணிதத்தில் அது நேர்கோட்டின் சரிவு. இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் குழப்பம்தான். ‘சாய்மானம்’ என்று வையுங்கள்.

கவிதா:
‘தேறுசாய்வு’ மீது யாரும் மறுப்புச் சொல்லவில்லை, தேதியிட்ட செலவு விகிதத்தோடு பதிகிறேன். ‘கிழமைச் சாய்வு / கிழமைச் சாய்மானம்’ இரண்டையும் இப்போதைக்கு வைக்கிறேன். சாய்மானம் என்றே முடிந்தால் ‘தேறுசாய்மானம்’ நாவில் நிற்குமா என்பதையும் பிரபு பார்த்துச் சொல்லட்டும்.