30 ஃபிரேமில் முடித்த குறும்படம்: டிசிபி இப்போதே வேண்டுமா?

கரிக்கோடு: 7 நிமிட அனிமேஷன் படம், வசனம் கிடையாது. வினாடிக்கு 30 ஃபிரேமில் முடித்துவிட்டேன். விழாக்களுக்கு விண்ணப்பிக்கும்போதே, தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் வடிவமான டிசிபியைத் தர வேண்டுமா? சினாப்சிஸில் முடிவைச் சொல்லலாமா?

புரொஜெக்டர் அறை: பொதுவாகத் தேர்வுக் குழு பார்ப்பது கடவுச்சொல் போட்ட ஆன்லைன் இணைப்பைத்தான். தேர்வான பிறகுதான் டிசிபி கேட்பார்கள், அதனால் இப்போதே அதற்குச் செலவழிக்காதீர்கள். ஆனால் அந்த 30 ஃபிரேமை இப்போதே சரிசெய்யுங்கள். எந்தத் தியேட்டரிலும் சிக்கலில்லாமல் ஓடுவது 24தான்.

டைம்லைன்: வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். என் 25 ஃபிரேம் படத்தை அப்படியே 24 வேகத்தில் ஓடவிட்டு டிசிபி எடுத்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

புரொஜெக்டர் அறை: 25க்கு அது சரி. 7 நிமிடப் படம் பதினேழரை வினாடி நீளும், ஒலியையும் அதே அளவு இழுத்தால் போதும். 30ஐ அப்படி இழுத்தால் படம் 8 நிமிடம் 45 வினாடி ஆகிவிடும், யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நீளம் மாறாமல் மாற்றச் சொன்னால் மென்பொருள் ஐந்தில் ஒரு ஃபிரேமைத் தூக்கிவிடும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தியிருந்தால், ஐந்து ஓவியங்களில் இரண்டு ஒரே ஃபிரேமோடு போய்விடும். முகபாவ ஷாட்டில் இது தெரியாது. பின்னணி மெதுவாக நகரும் ஷாட்டில் திக்கித் திக்கி ஓடும். ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பார்த்தால் பிடிபடும். அந்த ஷாட்களையாவது மூல ஃபைலில் 24க்கு நேரம் பிரித்து மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.

டைம்லைன்: டிசிபியிலேயே 30 உண்டே! டிசிபி உருவாக்கும் டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருளில் தேர்ந்தெடுக்கலாம், அதுவும் இலவசம்.

புரொஜெக்டர் அறை: டிசிபியில் இரண்டு தரங்கள்: புதிய எஸ்எம்பிடிஇ தரத்தில் 30 உண்டு, பழைய இன்டர்ஆப் தரத்தில் கிடையாது. விழாவின் விதியில் 24 அல்லது 25 என்று போட்டிருந்தால் உங்கள் 30 செல்லாது.

வண்ணக்கலவை: போஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. போன வருடம் என் படம் ஒரு விழாவில் தேர்வானபோது, கேட்டலாக்குக்கு எழுத்தே இல்லாத அகலவாட்டு ஸ்டில் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ தலைப்பு ஒட்டிய நெட்டுவாட்டுப் போஸ்டர் மட்டும். தலைப்பைத் தனி லேயரிலேயே வைத்திருங்கள்.

கரிக்கோடு: சரி, தனியாக வைக்கிறேன். சினாப்சிஸ்?

வண்ணக்கலவை: முடிவைச் சொல்லவே கூடாது. வசனமில்லாத படத்தில் பார்ப்பவருக்குக் கடைசியில் புரிவதுதான் சுகமே.

புரொஜெக்டர் அறை: கேட்டலாக்கில் அச்சாகும் மூன்று வரிக்கு அது பொருந்தும். குழு வாசிக்கும் நீண்ட சுருக்கம் வேறு. அதில் முடிவை மறைத்தால், கதை எங்கே போகிறதென்று இயக்குநருக்கே தெரியவில்லையோ என்று தோன்றும்.

வண்ணக்கலவை: படத்தையே பார்க்கப் போகிறவர்களுக்கு அதை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்? நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கரிக்கோடு: இரண்டையும் எழுதி வைக்கிறேன். முதலில் அந்த நகரும் பின்னணி ஷாட்களை 24இல் எடுத்துப் பார்க்கிறேன்.