புதுப்பிப்பு: பிஎல்சியில் ஓடும் நாற்சந்தி விளக்கு மாதிரியில் எரியாத வடக்கு–தெற்குச் சிவப்பு

முன்பு நான் கேட்டது: «கிழக்கு–மேற்குப் பச்சை எரியும் 10 வினாடியும் வடக்கு–தெற்குச் சிவப்பு அணைந்திருக்கிறது. அடுத்த மஞ்சளுக்கு மட்டும், 3 வினாடி எரிகிறது. டைமர் பழுதா?»

டைமர்கள் நான்கும் சரியாகவே ஓடுகின்றன. களுவாஞ்சிக்குடி அண்ணன் ஒருவர் லேடரைப் பார்த்ததும் கேட்டார்: «தம்பி, சிவப்புக் காயில் எத்தனை வரியில் இருக்கிறது?» இரண்டில். பச்சை வரி அதை எரியச் சொல்கிறது. கீழே மஞ்சள் வரி அந்த நேரம் பொய் என்பதால் அணைத்துவிடுகிறது. ஒரே ஸ்கேனில் கடைசியாக எழுதியதே வெளியீட்டுக்குப் போகிறது. திரையில் மேல் வரி உயிரோடு தெரிவதுதான் ஆளைக் குழப்புகிறது.

இப்போது ஒரு விளக்குக்கு ஒரே காயில். T0 (10 வினாடி), T1 (3), T2 (10), T3 (3) என ஒன்று முடிய மற்றது தொடங்குகிறது. T3 முடிந்ததும் T0 மீளத் தொடங்கும். T1 முடியும்வரை வடக்கு–தெற்குக்குச் சிவப்பு, முடிந்தபின் கிழக்கு–மேற்குக்கு. ஆகவே சிவப்புக்கு T1 மட்டுமே போதும்:

```
--[/T1.Q ]----( NS_RED )
--[ T1.Q ]----( EW_RED )
```

செட்–ரீசெட் போடச் சொன்ன நண்பர் பாதி சரி. சிவப்பு எரியும், ஆனால் ஒரு ரீசெட் விடுபட்டாலும் இரு பக்கமும் பச்சை நிற்கக்கூடும்.

நான்கு பக்கமும் சிவப்பாக 2 வினாடி வைக்க விரும்புகிறேன். அப்போது T1 மட்டும் போதாது. இன்னும் இரண்டு டைமர் சேர்ப்பதா, அண்ணன் சொன்னபடி ஒரே டைமரின் கடந்த நேரத்தை ஒப்பிடுவதா?