கானோ கடைக்காரரிடம் நலம் விசாரிப்பது: உங்கள் அனுபவம் எப்படி?

கானோவாசி: வடக்கு நைஜீரியாவில் கானோ நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களைக் கந்தின் குவாரி துணிச் சந்தைக்குக் கூட்டிப் போவது வழக்கம். முக்கால்வாசிப் பேர் கடை வாசலில் நின்றதுமே ஹவுசா மொழியில் "நாவா நே?" என்று விலை கேட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் விலை சொல்வார், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சமீபத்தில் மனைவிக்கு ஆறு கெஜம் அத்தாம்பா துணி வாங்கப் போனபோது நடந்த பேச்சை அப்படியே போடுகிறேன். மதியம் தாண்டிய நேரம்.

– சலாமு அலைக்கும்.
– வா அலைக்குமுஸ் சலாம்.
– சன்னு தா அய்கி, அல்ஹாஜி.
– யாவ்வா, சன்னு.
– இனா உனி?
– லாஃபியா லாவு.
– இனா கஜியா?
– பா கஜியா.
– யாயா கசுவா?
– அல்ஹம்துலில்லாஹி.

அப்புறம் அவர் முறை. "யாயா அய்கி?" என்றார், "அய்கி தா கோதியா" என்றேன். "யாயா இயாலி?" என்றார், "லாஃபியா", அதாவது நலம் என்றேன். "தோ, மதல்லா" என்று முடித்துவிட்டு அவரே துணியை எடுத்து விரித்தார். வேலை நடக்கட்டும் என்று வாழ்த்தி, பகல் எப்படிப் போனது, களைப்பு எப்படி, வியாபாரம் எப்படி என்று நான் கேட்டேன். அவர் என் வேலையையும் வீட்டாரையும் விசாரித்தார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகாது. காலையில் போனால் "இனா உனி"க்குப் பதில் "இனா குவானா".

தறிக்காரன்: நானும் அங்கே இரண்டு வருடம் இருந்தேன். உடம்பு எப்படி என்று கேட்க "யாயா ஜிக்கி" என்றும் சொல்லலாம். நான் எல்லாக் கடையிலும் அதைத்தான் கேட்பேன். கேட்காவிட்டால் விலையை ஏற்றிவிடுவார்கள், ஜாக்கிரதை.

சபோன்கரி மாமா: தம்பி, "யாயா ஜிக்கி" காய்ச்சலில் கிடந்து எழுந்தவரிடம் கேட்பது. நல்லா இருக்கிற ஆளிடம் கேட்டால், எனக்கு என்ன ஆச்சு என்றுதான் பார்ப்பார். உடம்பு சரியில்லாதவர் "ஜிக்கி தா சவுக்கி", அதாவது இப்போ தேவலை என்பார். சாதாரண விசாரிப்புக்கு வருவது எப்போதும் லாஃபியா மாதிரி நல்ல பதில்தான், வீட்டில் கஷ்டம் இருந்தாலும்கூட. கஷ்டத்தைச் சொல்வதாக இருந்தால் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு மெதுவாக வரும். முதல் கேள்விக்கே தலைவலி, முதுகுவலி என்று நாம் ஆரம்பித்தால் அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியாது.

இன்னொன்று, பதிலுக்காகக் காத்து நிற்க வேண்டாம். அவர் பாதி சொல்லும்போதே அடுத்த கேள்வி போய்விட வேண்டும். கையில் துணியை அளந்துகொண்டேதான் பதில் சொல்வார், அது அலட்சியம் இல்லை. வயதான கடைக்காரர் என்றால் கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். "தோ" என்று இழுத்தார் என்றால் விசாரிப்பு முடிந்தது, சரக்கைப் பேசலாம்.

விலை ஏற்றுவது பற்றி எனக்குச் சந்தேகம்தான். முதல் விலை எல்லோருக்கும் கூடத்தான் சொல்வார்கள்.

அக்ராவிலிருந்து: நான் இருப்பது கானா. இங்கே நிமா பகுதியில் ஹவுசா தெரிந்தால் போதும், யாரிடமும் பேசிக்கொள்ளலாம். ஃபுரா என்கிற கம்பு உருண்டை விற்கிற அம்மாவிடம் "சன்னு ஹாஜியா" மட்டும் சொல்வேன், அவர் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு கேள்வி கேட்பார். எனக்குப் பதில் தெரியாது, எல்லாவற்றுக்கும் "லாஃபியா" போட்டுவிடுவேன். ஓடுகிறது.

புதுவரவு: நான் இந்து. சலாம் சொல்லலாமா? சொல்லாவிட்டால் தவறாக நினைப்பார்களா?

கானோவாசி: நான் சொல்கிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை. என் அறைத்தோழர் சொல்வதே இல்லை, "சன்னு"வில் ஆரம்பிப்பார், அவருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

சபோன்கரி மாமா: எனக்கு அது சரியாகப் படவில்லை. உள்ளே நுழையும்போது சலாம்தான் முறை. ஆனால் அவரவர் விருப்பம்.

தறிக்காரன்: சொக்கோட்டோ பக்கம் போனால் "லாஹியா" என்கிறார்கள். அதுவும் இதுதானா?

சபோன்கரி மாமா: அதுவேதான். அங்கே ஃபாவுக்குப் பதில் ஹா. நீங்கள் எதைச் சொன்னாலும் புரியும்.

புதுவரவு: இன்று போய் வந்தேன். விசாரிப்பு நன்றாகப் போனது, பெரியவர் உட்காரச் சொன்னார். ஒரு விலைக்குக் கேட்டேன், "அல்பர்க்கா" என்றார். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன், வாங்கவே இல்லை!

கானோவாசி: அந்த விலைக்குத் தர மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள், "நா சல்லமா", அதாவது சரி, தருகிறேன் என்று சொன்ன பிறகு பணத்தை எடுங்கள். கிளம்பும்போது "அல்லா யா பா தா சாஆ" என்று வாழ்த்திவிட்டு வாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை.