கலைச்சொல் உதவி: பொய்யடுக்கா, போலியடுக்கா? (மூச்சுக்குழாயின் உள்வரி)

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயிரியலை முதன்முதலாகப் படிப்பவர்களுக்காக நால்வகைத் திசுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்குக்கும் தனித்தனிப் படம் போட்டு விளக்கினால் அவை நான்கு தனி உலகங்கள் போல மனதில் பதிந்துவிடுகின்றன. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன், மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டு. காற்று போகும் உள்பக்கத்தில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்கின்றன, அது எபிதீலியம். அதற்கு வெளியே செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுவில் நாரும் தளப்பொருளும் நிறைந்து கிடப்பது இணைப்புத் திசு. குருத்தெலும்பு வளையமும் அதில் சேர்த்திதான். வளையம் முழு வட்டமாக இல்லாமல் பின்பக்கம் திறந்திருக்கிறது, அந்த வாயை இழுத்துப் பிடிப்பது மென்தசை. சுவரின் வெளிப்புறத்தில் சின்னச் சின்ன நரம்புக் கற்றைகள். ஆக நான்கும் ஒரே கண்ணாடித் தகட்டில் கிடைத்துவிடுகின்றன.

சிக்கல் காற்றுப் பக்கமுள்ள அந்த உள்வரியில்தான். அங்கிருக்கும் எபிதீலியத்தை இதுவரை ‘பொய்யடுக்கு’ என்று எழுதி வந்தேன். வரைவைப் படித்த ஒரு மாணவி, “பொய்யடுக்கு என்றால் மேலே உதிர்ந்துபோகும் அடுக்கா?” என்று கேட்டாள். உண்மையான அடுக்கின் மேல் பொய்யான அடுக்கு ஒன்று இருப்பதாக நினைத்திருக்கிறாள், அவள் மேல் தப்பில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கபிலன் எழுதியது:

மலர் அக்கா, ‘போலியடுக்கு’ போடுங்கள். அமீபாவின் போலிக்கால் எல்லோருக்கும் தெரியும், அதே முன்னொட்டு இங்கேயும் வந்தால் ஒரு சொல்லைக் கற்றவர் இன்னொன்றைத் தானே ஊகித்துக்கொள்வார்.

விளக்கமும் எளிதுதான். எல்லாச் செல்லும் எபிதீலியத்தின் அடியில் விரிந்திருக்கும் அடிச்சவ்விலிருந்து கிளம்பி மேற்பரப்பு வரை எட்டுகிறது, உட்கரு மட்டும் ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே இருக்கிறது. அதனால் பார்க்க அடுக்கு போலத் தெரிகிறது, உண்மையில் ஒரே அடுக்கு.

இராமநாதன் எழுதியது:

கபிலன் சொன்னதில் முதல் பாதி சரி. எல்லாச் செல்லும் அடிச்சவ்வைத் தொடுகிறது, அதனால்தான் ஓரடுக்கு. ஆனால் எல்லாம் மேலே எட்டுவதில்லை. குறுஇழை உள்ள தூண் செல்களும் கோப்பை செல்களும் மேற்பரப்பு வரை போகின்றன. அடியிலேயே குட்டையாக உட்கார்ந்திருக்கும் அடிச்செல்கள் காற்றையே பார்ப்பதில்லை. மேலே இருப்பவை தேய்ந்து விழும்போது பிரிந்து புதிய செல்களைத் தருவது அவைதான். இதை விட்டுவிட்டால், உட்கரு ஏன் அடியில் அவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறது என்பதற்கு விடையே இல்லாமல் போகும்.

இன்னொன்றையும் தொடக்கநிலை வாசகரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ‘எல்லாச் செல்லும் அடிச்சவ்வைத் தொடுகிறது’ என்பதைச் சாதாரண நுண்ணோக்கியில் அப்படியே பார்க்க முடியாது. பல வருடம் மாணவர்களுக்குத் தகடு காட்டியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் “சார், எனக்கு மூன்று அடுக்கு தெரிகிறதே” என்பார். அவருக்குத் தெரிவது உண்மைதான். திசுவை ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவுகிறோம். உயரமான இந்தத் தூண் செல்களின் அடிப்பகுதி மெலிந்து காம்பு போல ஆகிவிடும், அதுவும் நேராக இறங்காது, பக்கத்துச் செல்லுக்குப் பின்னால் வளைந்து போகும். கத்தி அந்தக் காம்பைத் தவறவிட்டால் செல்லின் மேல்பாதி மட்டும் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றுக்கும் கால் இருப்பது புரியும்.

மலர்விழி எழுதியது:

ஐயா, அப்படியென்றால் படிப்பவர் எதை வைத்து முடிவு செய்வது? கண்ணுக்குத் தெரிவது பொய் என்று சொல்லிவிட்டு நம்பு என்றால் எப்படி?

இராமநாதன் எழுதியது:

மேல்வரிசைச் செல்களைப் பாருங்கள். அடுக்கு எபிதீலியத்தில் அடியிலிருந்து மேலே போகப்போகச் செல்லின் வடிவம் மாறும், அதற்குப் பெயர் வைப்பதும் மேல்வரிசைச் செல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான். மூச்சுக்குழாய்த் தகடு சிலவற்றில் அதன் பின்னாலேயே ஒட்டியிருக்கும் உணவுக்குழாயும் சேர்ந்து வந்துவிடும், அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். உணவுக்குழாயின் உள்வரியில் அடிச்செல்கள் குட்டையாக, இடைச்செல்கள் பலகோணமாக, மேற்செல்கள் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். உட்கருக்களும் மேலே போகப்போகப் படுத்துவிடும். அது அசல் அடுக்கு. தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி மூச்சுக்குழாய்ப் பக்கம் வந்தால், உட்கருக்கள் ஏறுக்குமாறாக இருந்தாலும் பெரும்பாலும் நின்ற வாக்கில் நீள்வட்டமாக இருக்கும், மேல் விளிம்பில் குறுஇழைகள் தெரியும், தட்டைச் செல் ஒன்றுகூட இருக்காது. நடுநடுவே வெளிறிய குமிழ் போலத் தெரிவது சளி நிறைந்த கோப்பை செல்.

ஓர் எச்சரிக்கை. வெட்டு சாய்வாக விழுந்தால் குடலின் சாதாரண ஓரடுக்குத் தூண் எபிதீலியம்கூடப் பல அடுக்காகத் தெரியும். ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அடிச்சவ்வு நேராக வெட்டுப்பட்ட இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

சிவதர்சினி எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் எபிதீலியத்துக்கு மேலணி இழையம் என்றே படித்தோம், இணைப்புத் திசு எங்களுக்குத் தொடுப்பிழையம். ‘மேலணி’ என்ற சொல்லிலேயே அது ஒரு பரப்பின் மேல் அணிவகுத்து நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது, எபிதீலியம் என்ற சொல்லில் அது இல்லை. மலர், அடைப்பில் போடாவிட்டாலும் ஒரு வரியிலாவது இதைச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

கபிலன் எழுதியது:

மேலணி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இழையம்தான் இடிக்கிறது, ஏனென்றால் குறுஇழை, தசையிழை என்று கட்டுரை முழுக்க இழை வருகிறது. இழையத்துக்குள் இழை என்றால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார்.

அப்புறம் இராமநாதன் ஐயா திருத்தியதை வைத்து ஒரு புதுச்சொல்: ‘ஏறுமாறுக்கரு எபிதீலியம்’. தகட்டில் பார்ப்பதை அப்படியே சொல்கிறது.

தேன்மொழி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள், நீங்கள் கேட்டது இதுதானா என்று தெரியவில்லை. என் அப்பாவுக்கு நுரையீரல் பக்கம் குழாய் விட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வருடம் புகைபிடித்தவர். அறிக்கையில் ‘ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா’ என்று இருந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்தவர் “செல் மாறியிருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், புற்றுநோய் என்றே முடிவு கட்டி இரண்டு நாள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அது புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. நீங்கள் பேசும் மூச்சுக்குழாய்ச் செல்தானா இது? பல அடுக்கு என்றே எழுதிவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு எளிதாக இருக்காதா?

இராமநாதன் எழுதியது:

தேன்மொழி அம்மா, இதேதான். மூச்சுக்குழாயிலிருந்து பிரியும் பெரிய கிளைகளிலும் இதே உள்வரிதான் தொடர்கிறது. வருடக்கணக்கில் புகை படும்போது, நான் முன்பு சொன்ன அந்த அடிச்செல்கள் குறுஇழைச் செல்களையும் கோப்பை செல்களையும் தருவதை விட்டுவிட்டுத் தட்டைச் செல்களை அடுக்கடுக்காகத் தரத் தொடங்குகின்றன. உணவுக்குழாயில் பார்த்தோமே, அந்த மாதிரி வரி மூச்சுக்குழாய்க் கிளையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது உராய்வைத் தாங்கும், ஆனால் குறுஇழை இல்லாததால் சளியை மேலே தள்ள ஆள் இருக்காது, இருமித்தான் வெளியேற்ற வேண்டும். இந்த மாற்றம் புற்றுநோய் இல்லை. புகையை நிறுத்தினால் பழைய வரி திரும்பவும் கூடும். புகை தொடர்ந்தால் அதே இடத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் உண்டு. அப்பாவின் நிலையில் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதை அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

மலர், பெயரை முடிவு செய்ய இவர் கேள்வியே போதும். மூச்சுக்குழாய் வரியைப் பல அடுக்கு என்று எழுதிவிட்டால், இவர் அப்பாவுக்கு நடந்ததைத் தமிழில் சொல்லவே முடியாது. ஓரடுக்காக இருந்தது அடுக்காகிவிட்டது என்பதுதான் அங்கே செய்தி. ஆகவே பெயரில் ‘ஓரடுக்கு’ எங்காவது இருக்க வேண்டும்.

கபிலனின் ஏறுமாறுக்கரு அழகான சொல், ஆனால் செல் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. குறுஇழையையும் பெயருக்குள் நுழைக்காதீர்கள். தாய் வயிற்றில் வளரும் கருவில் நரம்புக்குழாயின் சுவரும் இதே வகைதான், அங்கே உட்கருக்கள் செல்லுக்குள்ளேயே மேலும் கீழும் நகர்ந்து, காற்றுக்குழாயில் உள்ளது போன்ற குறுஇழை வரிசை எதுவும் இல்லாமலே அடுக்குத் தோற்றம் தருகின்றன. மூளையும் தண்டுவடமும் அந்தச் சுவரிலிருந்துதான் உருவாகின்றன. நான்கு திசுக்களும் தனி உலகங்கள் இல்லை என்று மலர் சொல்ல நினைப்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நரம்புத் திசுவே எபிதீலியமாகத்தான் தொடங்குகிறது.

மலர்விழி எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை ஐயா, கட்டுரையின் கடைசிப் பகுதியை மாற்றப்போகிறேன்.

சரி, என் முன்மொழிவு: ‘அடுக்குத்தோற்ற ஓரடுக்கு எபிதீலியம்’. முதல் சொல் கண்ணுக்குத் தெரிவது, இரண்டாவது சொல் உண்மை. நீளம்தான், ஆனால் அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது “அப்போ ஒரு அடுக்குதான், பார்க்க மட்டும் நிறைய” என்றாள். படத்தில் ஓர் அடிச்செல்லையும் ஒரு குறுஇழைச் செல்லையும் முழுதாக வண்ணம் தீட்டி, குறுஇழைச் செல்லின் காம்பு வளைந்து அடிச்சவ்வு வரை போவதையும் காட்டிவிடுகிறேன்.

கபிலன் எழுதியது:

நான் இன்னும் போலியடுக்கு பக்கம்தான் அக்கா. தேர்வுத் தாளில் மூன்று சொல்லை யார் எழுதுவார்கள்? நீங்கள் ‘அடுக்குத்தோற்ற’ என்று வைத்தால் நாளைக்கு எல்லோரும் அதை மட்டும் எழுதிவிட்டு ஓரடுக்கை விட்டுவிடுவார்கள், பழைய சிக்கல்தான் திரும்பி வரும். போலியடுக்கிலாவது ‘இல்லை’ என்ற பொருள் ஒட்டியிருக்கிறது.

இராமநாதன் எழுதியது:

கபிலன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தூண் என்ற சொல்லை வேறு இதில் சேர்க்க வேண்டுமே, அடிச்செல்கள் தூண் வடிவமே இல்லை என்றாலும் முழுப்பெயரில் அது வந்தாக வேண்டும். நான்கு சொல் ஆகிவிடும்.

தேன்மொழி எழுதியது:

நன்றி ஐயா. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மெட்டாபிளேசியாவுக்குத் தமிழ்ச்சொல் உண்டா?

கபிலன் எழுதியது:

உருமாற்றம் என்று சொல்லலாமே.

இராமநாதன் எழுதியது:

அது தலைப்பிரட்டை தவளையாவதற்குப் போய்விட்டது. திசுமாற்றம் என்று வைத்தால் உறுப்புமாற்று அறுவை நினைவுக்கு வரும். ‘திசுவகை மாற்றம்’ என்று ஒன்று தோன்றுகிறது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதற்குத் தனி மடல் தொடங்குங்கள் கபிலன்.