வளர்ப்புக் கூலிப் பிடித்தம்: செத்த கோழி யார் கணக்கில்?

புதுக்கொட்டகை: ஒப்பந்தக் கோழிக் கம்பெனிக்காரர்கள் என் கொட்டகையில் கூலிக்கு வளர்க்க 5000 குஞ்சு விட்டார்கள். முதல் வாரத்தில் 190, நடுவில் 110, கடைசி நாட்களில் 120 செத்துவிட்டது. 37-ஆம் நாள் கோழி எடுப்பதாகச் சொல்லிவிட்டு 41-ஆம் நாள்தான் லாரி வந்தது, அதுவும் கடும் வெயிலில். 4580 கோழி போயிற்று, சராசரி 2 கிலோ. தின்ற தீவனம் 15,572 கிலோ, அதாவது ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம் என்கிற எஃப்சிஆர் 1.70. ஒப்பந்தத்தில் 1.65 என்று இருப்பதால் கூலியில் பிடித்துவிட்டார்கள். குஞ்சு, தீவனம், மருந்து, தடுப்பூசி எல்லாம் அவர்களுடையது. கொட்டகை, கரண்ட், ஆள்கூலி, உமி, புரூடர் சூடு, பேங்க் கடன் என்னுடையது. இந்தப் பிடித்தம் நியாயமா?

கரட்டுப்பண்ணை: இதில் நியாயம் எங்கே இருக்கிறது தம்பி? தீவன மூட்டையிலேயே எடை குறைச்சல். அதனால்தான் எஃப்சிஆர் ஏறுகிறது. எல்லாக் கம்பெனியும் இதே வேலைதான் செய்கிறது. முதலில் எடை போட்டுப் பாருங்கள்.

ஏட்டுக்கணக்கு: நான் பல வருடம் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். மூட்டையை எடை போடுவது நல்ல பழக்கம். லோடு வந்ததும் பத்து மூட்டையை அங்கங்கே உருவித் தராசில் வைத்து, டிரைவர் முன்னாலேயே டெலிவரி சீட்டில் எழுதிவிட வேண்டும். ஆனால் இவர் கணக்கில் 0.05 ஏறியதற்கு மூட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடைசியில் செத்த 120 கோழியைப் பாருங்கள்.

அந்த வயதில் ஒரு கோழி சுமார் 3 கிலோ தீவனம் தின்று முடித்திருக்கும். தின்றது கணக்கில் ஏறிவிட்டது, எடை மட்டும் வரவில்லை. அந்த 120-உம் உயிரோடு லாரி ஏறியிருந்தால் 9160 கிலோவுக்குப் பதில் 9400 கிலோ வந்திருக்கும். அதே 15,572 கிலோவை 9400-ஆல் வகுத்தால் 1.66. பிடித்தம் பேருக்குத்தான் இருந்திருக்கும்.

முதல் வாரத்து 190 அப்படியல்ல. அவை செத்த நேரத்துக்குக் குஞ்சுக்கு நூறு கிராம் தின்றிருந்தாலே அதிகம். மொத்தமே 20 கிலோகூட வராது. அதனால் எஃப்சிஆர் அசையாது. ஆனால் 380 கிலோ கோழி குறைந்தது, அதற்கான கூலி போயிற்று. குஞ்சுச் செலவும் மிச்சக் கோழி மேல் ஏறி உற்பத்திச் செலவைக் கூட்டுகிறது. இரண்டுமே இழப்புதான், ஆனால் வழி வேறு வேறு. கம்பெனியில் கேட்கும்போதும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

தனிவளர்ப்பு: இவ்வளவு தலைவலி எதற்கு? சொந்தமாகக் குஞ்சு வாங்கி விட்டு நீங்களே விற்கலாமே என்று சொல்ல வந்தேன். பிறகு என் கதையே ஞாபகம் வந்தது. தொடர்ந்து இரண்டு பேட்ச், பிடிக்கிற வாரத்தில் விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே போய்விட்டது. கோழி நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. தீவனக் கடைக் கடனை அடைக்க நிலத்தை அடகு வைத்தேன். விலை இறங்கினாலும் கூலி வரும் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இன்று நானும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறேன்.

கரட்டுப்பண்ணை: அண்ணா, அவர் விற்பதைப் பற்றிக் கேட்கவில்லை. விலை இறங்கினால் கம்பெனிக்கு நஷ்டம் என்கிறீர்கள், சரி. விலை ஏறும்போது நமக்கு என்ன வருகிறது? கூலி ஏறுகிறதா? அப்புறம், விலை இறங்கினால் லாரியை நாலு நாள் தள்ளி அனுப்புகிறார்களே, அந்த நாலு நாளில் சாகிற கோழி யார் கணக்கு? சந்தைச் சுமையைத் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டே அதில் ஒரு பங்கை நம் கொட்டகைக்குள் இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

ஏட்டுக்கணக்கு: நீங்கள் கடைசியாகச் சொன்னது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலைச் சமாளிப்பது பண்ணையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மின்விசிறி, கூரைமேல் நீர் தெளிப்பு, பகல் உச்சியில் தீவனத் தட்டைத் தூக்கி வைப்பது, குளிர்ந்த தண்ணீர், இவையெல்லாம் இருந்தும் செத்ததா என்று கம்பெனி கேட்கும். இவற்றைச் சரியாகச் செய்தவர்கள் கொட்டகையில் அதே வெயிலில் முப்பது நாற்பதோடு நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்தி: எல்லாம் செய்தாலும் 2 கிலோக் கோழி நெருக்கமாக நிற்கிற கொட்டகையில் ஓரளவுக்கு மேல் சூடு இறங்காது அண்ணா. 37-ஆம் நாளே பாதியை எடுத்திருந்தால் மிச்சத்துக்குக் காற்றோட்டம் கிடைத்திருக்கும். அதை முடிவு செய்கிற உரிமை நம்மிடம் இல்லையே.

புதுக்கொட்டகை, முதல் வாரத்து 190-ஐப் பற்றிக் கேட்கிறேன். 5000-க்கு அது ரொம்ப அதிகம். செத்த குஞ்சின் தொப்புள் ஈரமாகக் கறுத்து இருந்ததா? வயிற்றைக் கீறினால் மஞ்சள் கரு கரையாமல் கெட்ட வாடையோடு இருந்ததா? அப்படியென்றால் கோளாறு குஞ்சு பொரிப்பகத்தில். அது இல்லாமல், தீனிப்பை காலியாக, குஞ்சுகள் மூலையில் குவிந்து செத்திருந்தால் நாம் புரூடர் சூட்டைச் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். குஞ்சு வந்த மறுநாள் காலை இருபது குஞ்சைக் கையில் எடுத்துத் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மெத்தென்று நிறைந்திருந்தால் என் வேலை சரி.

புதுக்கொட்டகை: தொப்புள் ஈரம்தான் அக்கா. சூப்பர்வைசர் மூன்று குஞ்சைக் கீறிப் பார்த்துப் பேட்ச் கார்டில் "மஞ்சள் கரு தொற்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். செட்டில்மென்ட் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஏட்டுக்கணக்கு: அந்தக் கார்டைப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வார இறப்பு ஓர் அளவைத் தாண்டினால் கம்பெனியே ஏற்கும் என்று சில ஒப்பந்தங்களில் வரி இருக்கும். உங்களுடையதில் இருந்தால் கார்டை வைத்துக் கேளுங்கள், கொடுக்க வேண்டும். இல்லாவிட்டாலும் கிளை மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம், நான் இருந்த காலத்தில் சிலருக்குக் கொடுத்திருக்கிறோம். இதில் கம்பெனி பக்கம் நான் பேச மாட்டேன். குஞ்சைக் கொடுத்தவர்தான் குஞ்சுக்குப் பொறுப்பு.

லாரி தாமதத்துக்கு அப்படி ஒரு வரியை நான் எந்த ஒப்பந்தத்திலும் பார்த்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

கரட்டுப்பண்ணை: அமெரிக்காவில் ஒரே வாரத்தில் கோழி கொடுத்த பண்ணைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சராசரிக்குக் கீழே போனவருக்குக் கூலி குறைப்பார்கள். நல்ல குஞ்சு யாருக்குப் போயிற்று, மோசமானது யாருக்குப் போயிற்று என்பதே தெரியாமல் அந்தப் போட்டி நடந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் எப்படிப்பட்ட குஞ்சு கொடுத்தோம் என்று கம்பெனி பண்ணையாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என அங்கே விதி கொண்டுவந்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதையாவது நாம் கேட்கலாமே. நம் குஞ்சு எந்தத் தாய்க்கோழி மந்தையிலிருந்து வந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது.

செவ்வந்தி: அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் என்னைப் பொறுத்தவரை ஒரு பேட்ச் பிடித்தத்தைவிடப் பெரிய அடி இடைவெளிதான். 42 நாள் வளர்ப்பு, 16 நாள் கொட்டகை ஓய்வு என்றால் வருடத்துக்கு ஆறு பேட்ச் வரும். சந்தை மந்தமானால் அடுத்த குஞ்சை 40 நாள் கழித்து விடுகிறார்கள். அப்போது நாலு, நாலரை பேட்ச்தான். கடன் தவணை பன்னிரண்டு மாதமும் போகிறது. கிலோவுக்கு எவ்வளவு கூலி என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இது கண்ணில் படாது. வருடத்துக்குக் குறைந்தது ஐந்து பேட்ச், இல்லையென்றால் காலிக் கொட்டகைக்கு வாடகை என்று எழுதிக் கொடுக்கட்டும், லாபம் போதுமா என்பதை அப்புறம் பேசலாம்.

ஏட்டுக்கணக்கு: எந்தக் கம்பெனியும் அப்படி எழுதிக் கொடுக்காதும்மா. சந்தை விழும்போது குஞ்சு விடுவதைக் குறைப்பதுதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே பிடி. அதையும் விட்டால் தனிவளர்ப்புக்கு வந்த நிலைதான் கம்பெனிக்கும் வரும்.

கரட்டுப்பண்ணை: அப்படியானால் கொட்டகை காலியாகக் கிடக்கிற நாட்களின் நஷ்டம் நம்முடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும், அதற்குச் சேர்த்துக் கூலியை உயர்த்தட்டும். இப்போது இரண்டும் இல்லை.

புதுக்கொட்டகை: ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வார இறப்பு 2 சதவீதத்தைத் தாண்டினால் "பரிசீலிக்கப்படும்" என்று இருக்கிறது. 100-க்கு மேல் செத்த 90 குஞ்சுக்குப் பேட்ச் கார்டோடு எழுதிக் கொடுக்கப் போகிறேன். லாரி தாமதத்துக்கு ஒரு வரியும் இல்லை. அடுத்த குஞ்சுக்குத் தேதியும் இன்னும் சொல்லவில்லை.